கல்லும் கல்லைப் பற்றிய கோப்பும்: ஈஈஎஃப், ஓபிஏ பிரிக்கும் வழி

"பி.எம்.பி. பரீட்சைக்குப் படிக்கிறன். ஈஈஎஃப், ஓபிஏ ரெண்டையும் எத்தினை தரம் வாசிச்சாலும் மாறி மாறித்தான் போடுறன். வெளியில இருந்தா ஈஈஎஃப், உள்ளுக்க இருந்தா ஓபிஏ எண்டு ஒரு விதி வச்சன், அதுவும் பிழைக்குது. வழங்குநர் பட்டியல் எண்டால் ரெண்டு பக்கமும் கிடக்கு. பாடமாக்காமல் பிரிக்க ஏதும் வழி இருக்கோ?"

ஈஈஎஃப் என்றால் நிறுவனச் சூழல் காரணி, ஓபிஏ என்றால் நிறுவனச் செயல்முறைச் சொத்து. உங்கள் விதியில் பாதி சரி. வெளியிலிருந்து வரும் எதுவும் ஓபிஏ ஆகாது, அதில் சந்தேகமே வேண்டாம். நிறுவனச் செயல்முறைச் சொத்து என்ற பெயரே வேலையைச் செய்யும் நிறுவனத்தின் சொந்தச் சொத்தைத்தான் சொல்கிறது. பிழைப்பது உங்கள் விதியின் மறுபாதி. உள்ளே இருப்பதெல்லாம் ஓபிஏ இல்லை. செயற்றிட்ட முகாமைத்துவ வழிகாட்டி நூலான பிம்பொக்கின் 2017இல் வந்த ஆறாம் பதிப்பு, இரண்டாம் அத்தியாயத்தில் ஈஈஎஃப்பையே உள், வெளி என்று இரண்டாகப் பிரித்துத் தருகிறது. நிறுவனத்தின் பண்பாடு, அதன் கட்டமைப்பு, கிளைகள் எங்கெங்கே இருக்கின்றன, கைவசம் உள்ள மென்பொருள், ஆட்களின் திறமை, இவ்வளவும் உள்ளே இருக்கிற ஈஈஎஃப். ஆகவே குழப்பம் வருவது வாசலில் இல்லை, வீட்டுக்குள்ளே.

நான் கட்டட வேலையில் இருந்து இதற்குள் வந்தவன். யாழ்ப்பாணத்தில் பல வருடம் செயற்றிட்டங்களைக் கொண்டு நடத்தியிருக்கிறேன், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பரீட்சைக்கு வகுப்பும் எடுக்கிறேன். வகுப்பில் வரைவிலக்கணத்தை எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் ஏறியது என் சொந்தப் பிழை ஒன்றைச் சொன்னபோதுதான், அதையே இங்கும் சொல்கிறேன்.

வலிகாமத்தில் ஒரு பாடசாலைக்கு இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம். அப்போது நான் இருந்த தாபனம் கட்டிக் கொடுத்தது. அத்திவாரம் வெட்ட ஆறு நாள் என்று அட்டவணையில் போட்டிருந்தேன். மூன்றடி போகவில்லை, சுண்ணாம்புக்கல் தட்டியது. ஜே.சி.பி. வாளியின் பல் கல்லில் உரஞ்சுகிற சத்தத்தைக் கேட்டால் பல்லுக் கூசும். பிரேக்கர் பூட்டிய மெசின் வர நாலு நாள், உடைத்து முடிக்க இன்னும் ஒன்பது நாள். பக்கத்தில் நின்ற வயதான மேசன், "ஐயா, போன வருசம் அங்கால வளவில கட்டேக்கையும் இதே கல்லுத்தானே. உங்கட கந்தோர்தான் கட்டினது, எழுதி வச்சிருப்பினமே" என்றார். எழுதித்தான் வைத்திருந்தார்கள். கந்தோர் அலுமாரியின் கீழ்த்தட்டில், முடிந்த வேலைகளின் கோப்பில், கையால் எழுதிய ஒரு பக்கம்: மூன்றடிக்குக் கீழ் கல், அடுத்த முறை கல் உடைப்பைத் தனி உருப்படியாகப் போட்டு விலை கேட்கவும். நான் அந்த அலுமாரியைத் திறந்தே பார்க்கவில்லை.

கல் ஈஈஎஃப். அந்தப் பக்கம் ஓபிஏ. நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கல் அங்கே இருக்கும், அதற்கு ஏற்ற மாதிரி வேலையைத் திட்டமிடுவதுதான் என்னால் முடிந்தது. பக்கம் அப்படியில்லை. அது எங்கள் ஆட்கள் தங்கள் வேலையிலிருந்து எடுத்து எங்களுக்கென்று எழுதி வைத்தது. எடுத்துப் பாவிக்கலாம், என்னுடைய பதின்மூன்று நாளையும் அதில் சேர்த்து எழுதலாம், திறக்காமல் விட்டுவிட்டு என்னைப்போல முழிக்கவும் செய்யலாம்.

இதற்கு நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு, பரீட்சையில் விழுத்துவது பெரும்பாலும் அதுதான். புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் வெளியிடும் புவியியல் வரைபடத்தில் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதுவும் ஒரு பதிவுதான், தாளில்தான் இருக்கிறது, அதையும் எடுத்துப் பாவிக்கலாம். ஆனால் அது எங்கள் தாபனம் எழுதியதல்ல. ஆகவே ஈஈஎஃப். மழையை எடுத்தாலும் இதே கணக்கு. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அடிக்கிற மாரிமழை ஈஈஎஃப். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைவீழ்ச்சித் தரவும் ஈஈஎஃப். போன மாரியில் எத்தனை நாள் கொங்கிரீட் போட முடியாமல் போனது என்று எங்கள் தளக் குறிப்பேட்டில் எழுதி, வேலை முடிந்ததும் கோப்பில் சேர்த்தது ஓபிஏ. பொருள், அதைப் பற்றி மற்றவன் எழுதியது, அதைப் பற்றி நாங்கள் எழுதியது: மூன்றாவதுக்கு மட்டும்தான் ஓபிஏ என்ற பெயர். காசு கொடுத்து வாங்கும் செலவு மதிப்பீட்டுத் தரவுத்தளங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் பிம்பொக் வெளி ஈஈஎஃப்பில் போட்டிருப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். தரவு என்ற சொல்லைக் கண்டதும் ஓபிஏ என்று கை போவதுதான் அந்தக் கேள்வியில் வைத்த பொறி.

ஆகவே எழுதியது யார் என்று முதலில் கேளுங்கள். வேலையைச் செய்யும் நிறுவனம் இல்லையென்றால் ஈஈஎஃப், கேள்வி அங்கேயே முடிந்தது. நிறுவனத்துக்குள்ளேயே பிறந்தது என்றால் இரண்டாவது கேள்வி: அதை அலுமாரியில் வைக்கலாமா? அதாவது, இப்படிச் செய்யுங்கள் என்று எழுதியதா, இப்படிச் செய்தோம் என்று எழுதியதா? இரண்டில் ஒன்றென்றால் ஓபிஏ. பிம்பொக்கும் ஓபிஏயை இந்த இரண்டாகத்தான் வகுக்கிறது. ஒரு பக்கம் செயல்முறைகள், கொள்கைகள், நடைமுறைகள், மாதிரிப் படிவங்கள். மற்றப் பக்கம் அறிவுக் களஞ்சியங்கள், அதாவது பழைய கோப்புகள், கற்ற பாடங்கள், முந்திய வேலைகளின் செலவுக் கணக்குகள். அலுமாரிக்குள் போகாதவை, கந்தோரின் சுபாவமும் ஆட்களின் கைத்திறனும் மாதிரி, உள் ஈஈஎஃப். முகாமையாளருக்குப் பயந்து ஒருவரும் கெட்ட செய்தி சொல்லாத கந்தோர் என்றால் அந்தப் பயத்தை எந்தக் கோப்பில் வைப்பது?

செயற்றிட்டக் குழு மாற்றக்கூடியது ஓபிஏ, மாற்ற முடியாதது ஈஈஎஃப் என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது அரைகுறை விதி. ஓபிஏயின் முதல் வகையான கொள்கைகளையும் நடைமுறைகளையும் ஒரு செயற்றிட்டக் குழு நினைத்த பாட்டுக்கு மாற்ற முடியாது. அவற்றைச் செயற்றிட்ட முகாமைத்துவ அலுவலகம் அல்லது வேறொரு பிரிவு வகுக்கும், மாற்றுவதும் அவர்களின் முறைப்படிதான். குழு வேலையோடு வேலையாக எழுதிச் சேர்ப்பது இரண்டாவது வகையை மட்டும்.

இனி உங்கள் வழங்குநர் பட்டியல். நீங்கள் கண்டது மயக்கமில்லை, ஆறாம் பதிப்பில் அது உண்மையாகவே இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் உள் ஈஈஎஃப்பின் கீழ், வளங்கள் கிடைக்கும் தன்மைக்கு உதாரணமாக, அங்கீகரிக்கப்பட்ட வழங்குநர்களும் துணை ஒப்பந்தகாரர்களும் வருகிறார்கள். அதே அத்தியாயத்தில் ஓபிஏயின் கீழ், முன்கூட்டியே அங்கீகரித்த வழங்குநர் பட்டியல் வருகிறது. கொள்வனவு அத்தியாயத்திலும் இதே கூத்துத்தான். முன் அனுபவத்தை வைத்துத் தகுதி பார்த்த விற்பனையாளர்களைக் கொண்ட பல அடுக்கு வழங்குநர் முறைமை ஈஈஎஃப்பில், முன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் பட்டியல் ஓபிஏயில்.

எங்கள் பாடசாலைக் கட்டடத்தில் வைத்தே இதைப் பிரித்துப் பார்ப்போம். கம்பிக்கும் சீமெந்துக்கும் ஆள் தேட வேண்டும். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, பழைய ஆட்கள் இன்னும் இக்டாட் என்பது, ஒப்பந்தகாரர்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவேடு அரசாங்கத்தினுடையது, ஆகவே ஈஈஎஃப். எங்கள் கணக்காளரின் கணினியில் ஒரு தாள் இருந்தது: ஏழு கடைகள், ஒவ்வொன்றுக்கும் நேராக எந்தச் சாமானுக்கு அனுமதி, எத்தனை நாள் கடன், போன முறை சாமான் பிந்தியதா என்ற குறிப்பு. அது ஓபிஏ. இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த ஏழில் 16 மில்லிமீட்டர் கம்பி கையிருப்பில் வைத்திருந்தது இரண்டே இரண்டு கடைதான், ஒன்றின் லொறி கிழமையில் ஒரு தரம்தான் ஓடும். அந்த இரண்டு பேரை விட்டால் எனக்கு வேறு போக்கில்லை என்ற நிலைமை, அதுதான் வளம் கிடைக்கும் தன்மை, ஈஈஎஃப். ஆட்கள் ஒரே ஆட்கள். அவர்களைப் பற்றிய தாள் ஓபிஏ, அவர்கள் எத்தனை பேர், என்ன தர முடியும் என்ற நிலைமை ஈஈஎஃப். கல்லும் பக்கமும் மாதிரியேதான்.

பரீட்சைக் கேள்வியில் இதைக் கண்டுபிடிக்க வினைச்சொல்லைப் பாருங்கள். முகாமையாளர் பட்டியலை எடுக்கிறார், பார்க்கிறார், அதிலிருந்து தெரிவு செய்கிறார் என்றால் ஓபிஏ. ஆள் குறைவு, தெரிவு இவ்வளவுதான், இதற்குள்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்று கட்டுப்பாட்டைப் பேசினால் ஈஈஎஃப். பட்டியல் என்ற சொல் மட்டும் வந்து வேறு ஒரு தடயமும் இல்லாவிட்டால் நான் ஓபிஏ என்றுதான் போடுவேன். இந்தக் கடைசி வரி என் தீர்மானம், புத்தகம் தந்த விதியல்ல. கொள்வனவுக் கட்டுப்பாடுகளை அது ஈஈஎஃப்பிலும், கொள்வனவுக் கொள்கையை ஓபிஏயிலும் வைத்திருக்கிறது. நடைமுறையில் கட்டுப்பாடு கொள்கையிலிருந்துதானே வருகிறது? அந்த இடத்தில் எந்தச் சோதனையும் சுத்தமாக வெட்டாது.

இதே வெட்டு, வேலை அனுமதியிலும் வருகிறது, அங்கே ஓரளவு சுத்தமாக. எங்களுக்குச் சாமான் வாங்கக் கணினியில் கோரிக்கை போட வேண்டும். ஒரு தொகைக்கு மேலே போனால் அது கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போய், அங்கே ஒருவர் பொத்தானை அழுத்தும் வரைக்கும் மஞ்சள் நிறத்தில் நிற்கும். பிரேக்கர் மெசினுக்கு நாலு நாள் காத்திருந்தேன் என்றேனே, அதில் இரண்டு நாள் அந்த மஞ்சளுக்குத்தான். அந்த மென்பொருள் உள் ஈஈஎஃப். வேலை அனுமதி முறைமையைப் பிம்பொக் அட்டவணையிடும் மென்பொருளோடு சேர்த்துத் தகவல் தொழில்நுட்ப மென்பொருள் என்ற வரியில் வைத்திருக்கிறது. எந்தத் தொகைக்கு மேல் யாருடைய ஒப்பம் வேண்டும், அவசர வேலைக்கு என்ன வழி என்று எழுதிய சுற்றறிக்கை ஓபிஏ. அனுமதி வழங்கும் நடைமுறைகள் அந்தப் பக்கத்தில் தனி வரியாகவே இருக்கின்றன. முறைமை ஈஈஎஃப், நடைமுறை ஓபிஏ. பானை ஒன்று, சமையல் குறிப்பு இன்னொன்று. வகுப்பில் ஒருவர், "அப்ப அந்த மென்பொருளுக்குள்ள இருக்கிற பழைய செலவுத் தரவு?" என்று கேட்டார். அது ஓபிஏ, நிறுவனத்தின் நிதித் தரவுக் களஞ்சியம். அலுமாரி ஈஈஎஃப், உள்ளே இருக்கிற கோப்பு ஓபிஏ என்று சொன்னதும் சிரித்தார்கள், ஆனால் கணக்கு அதுதான்.

நடக்கிற வேலையின் ஆவணங்களை ஓபிஏ என்று போடுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். வெறும் இடர் பதிவேட்டுப் படிவம் ஓபிஏ. நான் இந்தக் கட்டடத்துக்கென்று நிரப்புகிற இடர் பதிவேடு செயற்றிட்ட ஆவணம், இரண்டிலும் சேராது. கற்ற பாடங்கள் பதிவேடும் அப்படித்தான். வேலை நடக்கும் வரைக்கும் அது செயற்றிட்ட ஆவணம், வேலையோ கட்டமோ முடிந்து கற்ற பாடங்கள் களஞ்சியத்துக்குப் போன பிறகுதான் ஓபிஏ. பதிவேடு, களஞ்சியம் என்ற இரண்டு சொல்லில் எது வந்திருக்கிறது என்று கவனித்தாலே போதும்.

ஒரு மாதிரிக் கேள்வி, நான் வகுப்புக்கு எழுதியது. ஒரு முகாமையாளர் புதிய கட்டடத்தின் செலவை மதிப்பிடுகிறார். மாகாண மட்டத்தில் வெளிவரும் கட்டட விலைப்பட்டியில் உள்ள விலையை, தன் நிறுவனம் முன்பு முடித்த மூன்று கட்டடங்களின் உண்மைச் செலவோடு ஒப்பிட்டு, நிறுவனத்தின் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுகிறார். டொலரின் விலை ஏறுவதால் கம்பிக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார். இதில் எத்தனை ஈஈஎஃப்? விலைப்பட்டி, நாங்கள் பி.எஸ்.ஆர். என்பது, வெளியார் எழுதியது: ஈஈஎஃப். டொலர் விலை யாரும் எழுதியதல்ல, நிலைமை: ஈஈஎஃப். மூன்று கட்டடங்களின் செலவும் படிவமும் ஓபிஏ. ஆக இரண்டு. வகுப்பில் பாதிப் பேர் விலைப்பட்டியை ஓபிஏயில் போட்டார்கள். தினமும் மேசையில் கிடக்கிற புத்தகம், அட்டை கிழிந்து, எங்கள் கந்தோரின் முத்திரையும் குத்தியிருக்கிறது. பழகிய பொருளெல்லாம் நம்முடையது மாதிரித்தான் தெரியும். அந்த விலைப்பட்டியைத் தயாரிக்கிற திணைக்களமே தன் சொந்தக் கட்டடத்தைக் கட்டினால்? அவர்களுக்கு அது ஓபிஏ என்பது என் கருத்து. அதனால்தான் கேள்வியை வாசிக்கும்போது வேலையைச் செய்யும் நிறுவனம் எது என்று முதலில் அடிக்கோடு போடச் சொல்கிறேன்.

டொலர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. காலையில் வாங்கிய கூறுவிலை பின்னேரம் செல்லாது. அந்த நேரம் பல இடங்களில் கூறுவிலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கும்படி புதிதாக விதி போட்டார்கள். ரூபாவின் வீழ்ச்சி ஈஈஎஃப், அதனால் பிறந்த விதி ஓபிஏ.

இனி, நான் சொன்ன அலுமாரிச் சோதனை உடைகிற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓபிஏ மாற்றங்கள் பல செயல்முறைகளின் வெளியீடாக வருகின்றன, ஈஈஎஃப் மாற்றங்கள் வரவே வராது என்று சிலர் எழுதி வைத்திருப்பார்கள். ஆறாம் பதிப்பின் 49 செயல்முறைகளில் வளங்களைப் பெறுதல், குழுவை வளர்த்தல், குழுவை முகாமை செய்தல் என்ற மூன்றிலும் ஈஈஎஃப் மாற்றமும் வெளியீடாக இருக்கிறது. மூன்றும் வள முகாமைத்துவ அத்தியாயத்தில் வருபவை என்பதைக் கவனியுங்கள். நான் இரண்டு மேசன்மாரை எடுத்து வேலைக்குப் போட்டால் தாபனத்தில் மிச்சம் இருக்கிற ஆட்கள் குறைகிறார்கள், உள் நிலைமை மாறுகிறது. ஒரு பொடியனுக்கு லெவல் கருவி பாவிக்கப் பழக்கினால் தாபனத்தின் திறமை கூடுகிறது. அதுவரை சரி. ஆனால் அந்தப் பொடியனின் திறன் மதிப்பீட்டுத் தாளையும் பிம்பொக் ஈஈஎஃப் மாற்றத்தில்தான் சேர்க்கிறது. அது தாள், நாங்கள் எழுதியது, அலுமாரியில்தான் இருக்கிறது. என் சோதனைப்படி ஓபிஏ, புத்தகத்தின்படி ஈஈஎஃப். ஆட்களின் திறமை பற்றிய பதிவு வந்தால் மட்டும் சோதனையை விட்டுவிட்டுப் புத்தகத்தோடு போங்கள். இந்த ஒன்றைப் பாடமாக்கத்தான் வேண்டும்.

2021இல் வந்த ஏழாம் பதிப்பு அந்த 49 செயல்முறைகளையும் உள்ளீடு வெளியீட்டுப் பட்டியல்களோடு தரவில்லை. செயல்முறைச் சொத்துகளையே நிறுவனத்தின் உட்சூழலில் ஒன்றாக அங்கே சேர்த்துவிட்டார்கள். பழைய கேள்வித் தொகுப்பு ஒன்றில் பயிற்சி செய்கிறீர்கள் என்றால் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பதிப்புக் கால விடைகள் சில, மேலே சொன்ன வரிகளோடு ஒத்துப்போகாது.